ஊதா மூடி டியூபில் ஒரு நூல்: வார்டுக்குப் போன ஒரு கடிதத்தின் பின்னணி

காலை ஏழே கால் இருக்கும். பெண்கள் மருத்துவ வார்டிலிருந்து நைட் டியூட்டி சிஸ்டர் லேபுக்குப் போன் செய்தார்.

"சார், பதினாலாம் பெட் சாம்பிளை க்ளாட்னு ரிஜெக்ட் பண்ணிட்டீங்களாமே. நான் அனுப்பும்போது ரத்தம் தண்ணி மாதிரிதான் சார் ஆடிச்சு. கட்டி ஏதாவது இருந்தா எடுத்துப் போட்டுட்டு மீதியை மெஷின்ல ஓட்டிக் கொடுங்களேன். அந்தம்மாவுக்கு நரம்பே கிடைக்கல. திரும்பக் குத்தப் போனா அழுவாங்க."

வடசென்னையில் ஒரு மருத்துவமனை லேபில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நாலாபக்கமிருந்தும் காய்ச்சல்காரர்கள் வந்து வார்டை நிரப்பிவிடுவார்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் விடியற்காலையில் எடுத்த, ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சி.பி.சி. சோதனைக்கான டியூப்கள் தட்டுத் தட்டாக லேபுக்கு இறங்கும். அந்தக் காலங்களில் சிஸ்டர் கேட்ட இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இருக்காது. கேள்வியில் தப்பில்லை. எங்கள் பதில்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது. அச்சடித்த படிவத்தில் 'சாம்பிள் உறைந்துள்ளது, புதியது அனுப்பவும்' என்று ஒரு டிக் போட்டு அனுப்பிவிடுகிறோம். ஏன் என்பது அதில் இல்லை. ஏன் என்று தெரியாதவருக்கு அது லேபின் பிடிவாதமாகத்தான் தெரியும்.

அன்று படிவத்தோடு ஒரு கடிதமும் எழுதி அனுப்பினேன்.

"பெண்கள் மருத்துவ வார்டு பொறுப்புச் செவிலியர் அவர்களுக்கு,

இன்று காலை 5.40க்கு எடுக்கப்பட்டு 6.35க்கு எங்களிடம் வந்த 14ஆம் படுக்கை நோயாளியின் சி.பி.சி. சாம்பிளை ஏற்க முடியவில்லை. பிளேட்லெட் எண்ணிக்கையில் மெஷின் எச்சரிக்கை காட்டியது. டியூபைத் திறந்து மரக்குச்சியால் துழாவியபோது சுமார் ஒரு செ.மீ. நீளத்துக்கு நூல் போன்ற கட்டி குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்மியரில் பிளேட்லெட்டுகள் ஃபைப்ரின் இழைகளுக்கு நடுவே கும்பல் கும்பலாகத் தெரிந்தன. டியூபில் 2 மி.லி. கோட்டைத் தாண்டி ஏறக்குறைய 3 மி.லி. ரத்தம் இருந்தது.

கட்டி உருவாகும்போதே பிளேட்லெட்டுகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கட்டியை எடுத்துவிட்டு மீதி ரத்தத்தை ஓட்டினால் வருவது நோயாளியின் உடம்பில் உள்ள எண் அல்ல. ஆகவே எந்த எண்ணையும் நாங்கள் ரிப்போர்ட் செய்யவில்லை.

சி.பி.சி.க்கு மட்டும் 2 மி.லி. தனி சிரிஞ்சில் எடுத்து, எடுத்த கையோடு ஊதா மூடி டியூபில் கோடு வரை ஊற்றி, 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வேறு மூடி டியூபில் உள்ள ரத்தத்தை இதில் மாற்றி ஊற்ற வேண்டாம். வந்தவுடன் முதலில் இதைப் பார்த்துத் தருகிறோம்."

இவ்வளவுதான் கடிதம். இதன் நடுப் பத்தியில் உள்ள இரண்டு வரியைத்தான் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலில் ஈ விழுந்தால் ஈயை எடுத்துப் போட்டுவிட்டுப் பாலைக் குடிக்கிறவர்கள் உண்டு. ஈ பாலிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதே பார்வையில்தான் டியூபில் கிடக்கும் கட்டியையும் பார்க்கிறோம். ஆனால் ரத்தக்கட்டி வெளியிலிருந்து விழுந்த பொருள் இல்லை. எதை எண்ணிச் சொல்லும்படி டாக்டர் கேட்டிருக்கிறாரோ, அதையே செங்கல்லாக வைத்துக் கட்டிய சுவர் அது. ரத்தம் உறையத் தொடங்கும்போது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகின்றன. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம், ஃபைப்ரின் என்ற இழையாக மாறி அந்தக் கும்பலைச் சுற்றி வலை பின்னுகிறது. அந்த வலையில் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் மாட்டிக்கொள்கின்றன. கட்டியை வெளியே எடுக்கும்போது அதற்குள் போன பிளேட்லெட்டுகளையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். மீதி ரத்தத்தில் சின்னச் சின்னக் கும்பல்களாக மிதப்பவையும் தனித்தனி பிளேட்லெட்டாக எண்ணப்படுவதில்லை. மெஷின் ஒரு துகளின் அளவைப் பார்த்துத்தான் அது எது என்று முடிவு செய்கிறது. பத்துப் பிளேட்லெட் ஒட்டிய ஒரு உருண்டை அதன் கண்ணுக்குப் பிளேட்லெட்டே இல்லை. சில நேரம் அதை வெள்ளணுக் கணக்கில்கூடச் சேர்த்துவிடும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. கட்டி சிறியதாக இருந்தால் ஹீமோகுளோபின் அவ்வளவாக மாறாது. சிவப்பணுக்கள் வலையில் மாட்டும்போது அவற்றோடு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவும் மாட்டுகிறது. இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே போவதால் மீதி ரத்தத்தின் அடர்த்தி பெரிதாகக் கலைவதில்லை. பிளேட்லெட் அப்படித் தற்செயலாக மாட்டுவதில்லை. அது தானே போய் ஒட்டுகிறது. அதனால் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் நேற்றைப் போலவே நிற்க, பிளேட்லெட் மட்டும் பாதாளத்துக்குப் போயிருக்கும். டெங்குக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும் என்பதுதான் இங்கே வினை. எண்ணை மட்டும் பார்த்தால் நோய் குறைத்ததா, டியூப் குறைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிஸ்டரிடம் போனில் இதைத்தான் எண்ணை வைத்துச் சொன்னேன். 14ஆம் படுக்கையில் இருந்தவர் காசிமேட்டில் மீன் விற்கிற, முப்பதைத் தாண்டிய ஒரு பெண். முந்தின நாள், அதாவது காய்ச்சலின் மூன்றாம் நாள், அவருடைய ஹீமோகுளோபின் 13.1, பிளேட்லெட் 1,42,000. இன்று காலை உறைந்த சாம்பிளை மெஷின் உறிஞ்சிக் கொடுத்த எண்கள்: ஹீமோகுளோபின் 12.9, பிளேட்லெட் 31,000. கூடவே திரையில் `PLT Clumps?` என்று, பிளேட்லெட் கும்பலாகியிருக்கலாம் என எச்சரிக்கும் ஒரு வரி. ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கு மேல் சரிந்தால் எந்த டெக்னீஷியனுக்கும் கை நிற்க வேண்டும். நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம்தான் அன்று முதலில் காப்பாற்றியது. அப்புறம்தான் மரக்குச்சி, அப்புறம்தான் ஸ்மியர்.

மரக்குச்சிச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. தீக்குச்சியைவிட நீளமான, மெல்லிய மரக்குச்சிகள் இரண்டை டியூபின் அடி வரை விட்டு, மெதுவாகச் சுழற்றி, உயர்த்திப் பார்ப்பது. கட்டி இருந்தால் சேமியா இழை போலக் குச்சியில் தொங்கிக்கொண்டு வரும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின் கேள்விக்குறி போட்டு நிறுத்துகிற இடத்தில் பதில் சொல்வது காசு பெறாத இந்தக் குச்சிதான். டியூபை வெறுமனே சாய்த்துப் பார்த்தால் சிறிய கட்டி தெரியாது. சிஸ்டர் சொன்ன 'தண்ணி மாதிரி ஆடிச்சு' என்பது பொய்யே இல்லை. 3 மி.லி. ரத்தத்தில் ஒரு செ.மீ. நூல் கண்ணில் படாது.

சரி, 31,000 என்று ரிப்போர்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதில்லை. பொதுவாக 10,000க்கும் கீழே போனால்தான் அதைப் பற்றி யோசிக்கிறார்கள். அதனால் டாக்டர் உடனே பிளேட்லெட் பை கேட்டிருப்பார் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் பிளேட்லெட் வேகமாகக் குறைவதும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் ஏறுவதும் சேர்ந்து வந்தால் அது டெங்குவின் அபாய அறிகுறி. அதில் ஒரு பாதியை நாங்கள் இல்லாத இடத்திலிருந்து உண்டாக்கிக் கொடுத்திருப்போம். உறவினர்கள் ரத்தம் கொடுப்பவரைத் தேடி ஓடியிருப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு சாம்பிளில் 1,18,000 வந்தால், நடுவில் கொடுத்த பப்பாளி இலைச் சாறுக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இப்படிப் புகழ் பெற்ற பப்பாளி இலைகளில் எத்தனை, டியூபைச் சரியாகக் கலக்காததால் புகழ் பெற்றவை என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

இனி, ஊதா மூடி டியூபில் ரத்தம் ஏன் உறைகிறது? உறையாமல் இருப்பதற்காகவே செய்த டியூப் அல்லவா அது.

அந்த டியூபின் உள்சுவரில் இ.டி.டி.ஏ. என்ற உப்பைத் தெளித்துக் காயவைத்திருப்பார்கள். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கால்சியம் கையைவிட்டுப் போனால் உறைதல் நின்றுவிடும். ஒரு மி.லி. ரத்தத்துக்கு 1.5 முதல் 2.2 மி.கி. வரை அந்த உப்பு இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அது சுவரில் ஒட்டியிருக்கிறது, ரத்தம் நடுவில் நிற்கிறது. டியூபைக் கவிழ்த்து நிமிர்த்தினால்தான் இரண்டும் சந்திக்கும். 8 முதல் 10 முறை என்று சொல்வது அதற்காகத்தான். மொத்தமே பத்துப் பதினைந்து நொடி வேலை. குலுக்கக் கூடாது, சிவப்பணு உடைந்துவிடும். முழுதாகக் கவிழ்த்து, காற்றுக்குமிழி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்வரை பொறுத்து, மறுபடி நிமிர்த்த வேண்டும்.

2 மி.லி. கோடு போட்ட டியூபில் 3 மி.லி. ஊற்றினால் இரண்டு விதத்தில் இடிக்கிறது. 2 மி.லி.க்காக வைத்த 3.6 மி.கி. உப்பு மூன்றுக்குப் பங்கு போய், மி.லி.க்கு 1.2 மி.கி. ஆகிறது. அதைவிட முக்கியம், மேலே காற்றுக்கான இடம் குறைகிறது. குமிழி சிறுத்தால் கவிழ்த்தாலும் ரத்தம் சரியாகப் புரளாது. 'நிறைய ரத்தம் அனுப்பினால் லேபுக்கு வசதி' என்ற நல்லெண்ணம் இங்கே எதிராகத் திரும்புகிறது.

இன்னொரு காரணம் டியூபுக்கு வெளியே இருக்கிறது. இ.டி.டி.ஏ. இனிமேல் உறையவிருப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உறைந்ததைக் கரைக்காது. காய்ச்சலில் நீர் வற்றிய உடம்பில் நரம்பு தட்டுப்படுவது கஷ்டம். அன்று ஹவுஸ் சர்ஜன் புறங்கையில் சிறிய ஊசியை வைத்து, 5 மி.லி. சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்திருக்கிறார். இது பின்னால் அவரே சொன்னது. சிரிஞ்சுக்குள் இ.டி.டி.ஏ. கிடையாது. முதலில் வந்த சொட்டு அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்போது உறைதல் தொடங்கிவிடுகிறது. அப்புறம் வேறு சோதனைகளுக்கான சிவப்பு மூடி டியூபில் கொஞ்சம் ஊற்றி, மீதியை ஊதா மூடி டியூபில் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாவுக்குள் விழும்போதே நூல் பின்னத் தொடங்கியிருக்கலாம்.

சிவப்பை முதலில் ஊற்றியது தப்பா என்று கேட்டால், இல்லை. சிவப்பு முதலில், ஊதா பின்னால் என்பதுதான் சரியான வரிசை. ஊதாவில் உள்ள உப்பில் பொட்டாசியம் உண்டு. அது துளியளவு சிவப்பு டியூபுக்குப் போனாலும் அந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறி, கால்சியம் பொய்யாக இறங்கும். ஆகவே வரிசையை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ரத்தம் வேகமாக வரவில்லை என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிரிஞ்சில் இழுக்காமல், சி.பி.சி.க்கு மட்டும் 2 மி.லி.யைத் தனியாக எடுங்கள் என்று கடிதத்தில் எழுதியது இதனால்தான். முடிந்தால் முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பில் எடுப்பது நல்லது. கையில் கட்டிய டூர்னிகெட்டை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிட வேண்டும்.

'மாற்றி ஊற்ற வேண்டாம்' என்ற வரியும் அனுபவத்தில் எழுதியது. திரும்பக் குத்த மனசு வராமல், சிவப்பு டியூபில் இருக்கிற ரத்தத்தைப் புதிய ஊதா டியூபில் ஊற்றி அனுப்புவது நடக்கிற காரியம். சிவப்பு மூடி டியூப்களில் பலவற்றில் ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் பொருளே தடவியிருக்கும். அங்கே ரத்தம் உறைய வேண்டும், இங்கே உறையக் கூடாது. ஒரே கையால் ஒரே நிமிடத்தில் இரண்டையும் செய்யச் சொல்கிறோம் என்பதை லேபில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கடிதத்தில் நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. யார் எடுத்தார்கள், யார் கலக்கவில்லை என்ற விஷயம். டியூபைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அளவு அதிகம் என்பது கண்ணால் பார்த்தது, அதை எழுதலாம். கலக்கவில்லை என்பது என் ஊகம். சிரிஞ்சிலேயே உறைந்திருந்தால் சிஸ்டர் நூறு முறை கவிழ்த்திருந்தாலும் அந்த நூல் இருந்திருக்கும். பார்த்ததையும் ஊகத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுகிற லேப் கடிதங்கள்தான் வார்டோடு சண்டையில் முடிகின்றன. நிராகரித்த காரணம், நேரம், யாரிடம் சொன்னோம் என்பவை எங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் குற்றப்பத்திரிகை தேவையில்லை.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மெஷின் `PLT Clumps?` என்று காட்டுவதெல்லாம் உறைந்த சாம்பிள் அல்ல. சிலருடைய ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம், இ.டி.டி.ஏ.வோடு சேர்ந்தவுடன் டியூபுக்குள்ளேயே பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும். உடம்புக்குள் அப்படி ஒட்டுவதில்லை. ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கும். குச்சியில் கட்டி வராது, ஸ்மியரில் ஃபைப்ரின் இழை இருக்காது, கும்பல் மட்டும் இருக்கும். இவர்களிடம் 'திரும்ப எடுங்கள்' என்று ஊதா டியூபையே மூன்று முறை கேட்பது அநியாயம். மூன்றும் அப்படித்தான் வரும். நீல மூடி சிட்ரேட் டியூபில் வாங்கி ஓட்டி, வருகிற எண்ணை 1.1ஆல் பெருக்கினால் போதும். அந்த டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்தோடு ஒரு பங்கு திரவம் கலந்து ரத்தம் நீர்த்துப்போவதை அந்தப் பெருக்கல் ஈடுகட்டுகிறது. சில பேருக்கு சிட்ரேட்டிலும் ஒட்டும். அப்போது எடுத்த கையோடு ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் மதிப்பிடுவதுதான் வழி. ஆக, ரிஜெக்ட் முத்திரை குத்துமுன் குச்சியும் ஸ்மியரும் பார்த்தாக வேண்டியது வார்டுக்கு நாங்கள் பட்ட கடன்.

14ஆம் படுக்கையின் புதிய சாம்பிள் 7.50க்கு எடுத்து அனுப்பினார்கள். அதற்குள் குளுக்கோஸ் பாட்டில் கொஞ்சம் இறங்கியிருந்ததால், டிரிப் ஓடாத மறுகையில் நரம்பு ஒரே குத்தில் கிடைத்ததாம். ரத்தம் கோட்டில் நின்றது. ஹீமோகுளோபின் 13.0, பிளேட்லெட் 1,18,000. எட்டரைக்கு ரிப்போர்ட் போனது.

மறுநாள் காலை அதே நோயாளிக்கு 62,000 வந்தது. ஹீமட்டோக்ரிட்டும் 39இலிருந்து 44க்கு ஏறியிருந்தது. டியூட்டி டாக்டர் போன் செய்து, "சார், இதுவும் க்ளாட்டா?" என்றார். குச்சியில் ஒன்றும் வரவில்லை, ஸ்மியரில் கும்பல் இல்லை, பிளேட்லெட் நிஜமாகவே குறைவு என்றேன். காய்ச்சலின் ஐந்தாம் நாள். அவர் டிரிப் அளவைத் திருத்த வார்டுக்குள் போனார். முந்தின நாள் கேஸ் ஷீட்டில் 31,000 என்று ஏறியிருந்தால், இந்த 62,000 இருமடங்கு ஏற்றமாக, நோயாளி தேறுவதாகத் தெரிந்திருக்கும்.